இரண்டு பவுனில் அடங்காத மோதிரம்

அறுந்துபோன சங்கிலி ஒன்று வீட்டில் வெகுநாளாகக் கிடந்தது. சரியாக இரண்டு பவுன், 16 கிராம். அதை அழித்து ஒரு கெட்டி மோதிரமாகச் செய்துகொள்ளலாம் என்று எங்கள் ஊர் நகைப் பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் இழுப்பறையிலிருந்து ஒரு பித்தளைக் கம்பித் துண்டை எடுத்து மாதிரிக்குக் காட்டினார். அரைவட்டக் கம்பி. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருட்டு. தட்டைப் பக்கத்தின் அகலம் 6 மில்லிமீட்டர், நடுவில் உயரம் 3 மில்லிமீட்டர். தட்டை விரலைத் தொடும்படியும் உருட்டு வெளியே தெரியும்படியும் வளைத்தால் அது வழக்கமான மோதிரம். என் விரலுக்கு உள் விட்டம் 17 மில்லிமீட்டர் என்று அளந்து குறித்துக்கொண்டார்.

"இந்தக் கம்பிதான். ரெண்டு பவுன்ல அடங்கிடும் தம்பி. உருக்குச் சேதாரத்துக்கும் இடம் இருக்கு" என்றார்.

எனக்கு வேறொரு ஆசை இருந்தது. தட்டை மோதிரத்தின் விளிம்பு விரலை அறுப்பதுபோல் எனக்குத் தோன்றும். "உருட்டை உள்ளே வச்சுத் தட்டையை வெளியே வச்சுடுங்களேன். மேலே எழுத்துப் பொறிக்கவும் வசதியா இருக்கும்" என்றேன்.

பத்தர் யோசிக்கவே இல்லை. "அப்படின்னா ரெண்டு பவுன் பத்தாது."

அதே கம்பி, அதே விரல், அதே உள் விட்டம். கம்பியைத் திருப்பிப் போடுகிறோம், அவ்வளவுதான். தங்கம் எப்படிக் கூடும்? நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "கணக்கெல்லாம் தெரியாது. தட்டை உள்ளே வந்தா அறுபத்திரண்டு மில்லி வெட்டுவேன். உருட்டு உள்ளே வந்தா அறுபத்தஞ்சு வெட்டுவேன். எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான்."

அந்த மூன்று மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. அதற்கான விடை ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் எழுதிவைக்கப்பட்டது. அதை ஐரோப்பாவில் மறுபடி ஊரறியச் செய்தவரும் இளமையில் பொற்கொல்லர் வேலை பார்த்தவர் என்பது தற்செயலாக அமைந்த பொருத்தம். அவரிடம் பிறகு வருவோம்.

மோதிரத்தை ஓரிடத்தில் ரம்பத்தால் அறுத்து, அறுத்த முகத்தைப் பாருங்கள். அங்கே தெரிவது ஓர் அரைவட்டம். இதைக் குறுக்குவெட்டு முகம் என்பார்கள். விரல் நுழையும் துளையின் நடுவே ஒரு நேர்கோடு ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள், அது அச்சு. அந்த அரைவட்டத்தை அச்சைச் சுற்றி ஒரு முழுச் சுற்று சுழற்றினால், அது கடந்துபோன இடமெல்லாம் சேர்ந்து மோதிரம். வளையலும் சைக்கிள் டியூபும் உளுந்து வடையும் இப்படி ஒரு தட்டை உருவம் சுழன்றதால் கிடைக்கும் வடிவங்கள்தாம் (வடை விஷயத்தில் கொஞ்சம் பெருந்தன்மையோடு ஒத்துக்கொள்ள வேண்டும்).

இதன் கன அளவு என்ன? நேரான கம்பியாக இருந்தால் சிக்கலே இல்லை. முகத்தின் பரப்பளவை நீளத்தால் பெருக்கினால் போதும். வளைந்த கம்பியில்தான் சங்கடம். எந்த நீளத்தை எடுப்பது? விரலை ஒட்டிய உள்விளிம்பைச் சுற்றி அளந்தால் சுமார் 53 மில்லிமீட்டர். வெளிவிளிம்பைச் சுற்றி அளந்தால் 72-க்கும் மேல். இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ சரியான நீளம் ஒளிந்திருக்கிறது. நடுவில் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அந்த அவசரத்தில்தான் தவறு நேர்கிறது.

நூலிழைகளைக் கொண்டு பார்க்கலாம். மோதிரம் ஒரே கட்டியாக இல்லாமல் மெல்லிய கம்பி வளையங்கள் பலவற்றை ஒட்டிச் செய்தது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கம்பியின் முகமும் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சதுரம். மூன்று வளையங்கள் மட்டும் இருக்கின்றன. அச்சிலிருந்து அவற்றின் நடுப்பகுதி முறையே 9, 10, 11 மில்லிமீட்டர் தூரத்தில். ஒவ்வொன்றின் சுற்றளவும் அதனதன் தூரத்தை 2π-ஆல் பெருக்கினால் வரும். மொத்தக் கம்பி நீளம் வேண்டுமானால் தூரங்களைக் கூட்டி 2π-ஆல் பெருக்கலாம்: 9, 10, 11 கூட்டினால் 30. மூன்று கம்பிகளும் 10 மில்லிமீட்டர் தூரத்திலேயே இருந்திருந்தாலும் இதே 30-தான். ஆக, எல்லாக் கம்பிகளையும் சராசரித் தூரத்தில் வைத்தது போலக் கணக்கிட்டால் விடை மாறாது. வெளிக்கம்பியில் கூடுதலாகச் செலவானதை உள்கம்பி மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டது.

இப்போது அரைவட்டத்துக்குக் கொஞ்சம் நெருங்கி வருவோம். தட்டைப் பக்கம் உள்ளே இருந்தால் உள்பக்கத்தில் சதை அதிகம், வெளியே போகப் போகக் குறைவு. ஆகவே 9 மில்லிமீட்டர் தூரத்தில் மூன்று கம்பி, 10-இல் இரண்டு, 11-இல் ஒன்று. கூட்டுங்கள்: 27, 20, 11. மொத்தம் 58. ஆறு கம்பிகளுக்குச் சராசரி 9.67. இதே கம்பிகளைத் திருப்பி வையுங்கள்: 9-இல் ஒன்று, 10-இல் இரண்டு, 11-இல் மூன்று. மொத்தம் 62, சராசரி 10.33. கம்பிகளின் எண்ணிக்கை மாறவில்லை, உள்விட்டமும் மாறவில்லை, வெளிவிட்டமும் மாறவில்லை. ஆனால் இரண்டாவது வகையில் அதிகக் கம்பிகள் நீண்ட சுற்றுப் பாதையில் ஓடுகின்றன. பத்தர் சொன்னது இவ்வளவுதான்.

சதுரக் கம்பிக்குப் பதில் மயிரிழையை விட மெல்லிய இழைகளை எடுத்துக்கொண்டால், எந்த வளைந்த உருவத்தையும் அவற்றால் நிரப்பலாம். அப்போதும் இதே நியாயம்தான். அதைச் சுருக்கி எழுதினால் ஒரே வரி:

V = 2π × R × A

A என்பது குறுக்குவெட்டு முகத்தின் பரப்பளவு. R என்பது அந்த முகத்தின் ஒவ்வொரு துளியும் அச்சிலிருந்து இருக்கும் தூரங்களின் சராசரி. V கன அளவு.

சராசரித் தூரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் ஈர்ப்பு மையம் வருகிறது. தடித்த அட்டையில் அந்த உருவத்தை வெட்டி எடுத்து, ஒரு ஸ்கேலின் விளிம்பில் வைத்துச் சாயாமல் நிறுத்திப் பாருங்கள். அட்டை நிலைத்து நிற்கும் கோட்டுக்கு இருபுறமும் உள்ள துளிகளின் தூரங்கள் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. தராசில் எடையும் தூரமும் சேர்ந்து சமனாவது மாதிரிதான். சமன் செய்கின்றன என்றால் அந்தக் கோடு சராசரித் தூரத்தில் இருக்கிறது என்றே பொருள். வேறொரு வாக்கில் வைத்து இன்னொரு கோடு கண்டுபிடித்தால் இரண்டும் வெட்டும் புள்ளி ஈர்ப்பு மையம். முக்கோணத்துக்கு மட்டும் பள்ளிப் புத்தகம் இதை நடுக்கோட்டு மையம் என்று சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கலாம். அடிப்பக்கத்திலிருந்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் அது இருக்கும்.

அந்த மூன்றில் ஒரு பங்கை இங்கேயே ஒரு தடவை பயன்படுத்திவிடுகிறேன். செங்கோண முக்கோணம் ஒன்றை அதன் செங்குத்துப் பக்கத்தையே அச்சாக வைத்துச் சுழற்றினால் கூம்பு கிடைக்கும். முக்கோணத்தின் பரப்பளவு rh/2. அதன் மையம் அச்சிலிருந்து r/3 தூரத்தில். அது சுற்றிவரும் பாதை 2πr/3. பெருக்கினால் πr²h/3. கூம்பின் கன அளவில் அந்த மூன்று எதற்காக வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பத்தாம் வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. முக்கோணத்தின் மையத்தில் இருக்கும் மூன்றுதான் அது.

அரைவட்டத்தின் மையம் எங்கே? முழுவட்டமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வட்டத்தின் நடுப்புள்ளிதான். அரைவட்டத்தில் அது தட்டைப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று கண்ணுக்கே தெரிகிறது. எவ்வளவு சாய்ந்து? அட்டையில் வெட்டி நிறுத்திப் பார்க்கலாம். நுண்கணிதம் தெரிந்தவர்கள் தொகையீடு போடலாம். மூன்றாவதாக ஒரு வழி உண்டு. மேலே உள்ள வரியைத் தலைகீழாகப் படிப்பது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அரைவட்டத்தின் தட்டைப் பக்கத்தை அச்சின் மேலேயே ஒட்டி வைத்துச் சுழற்றுங்கள். நடுவில் துளை இல்லை. கிடைப்பது மோதிரம் இல்லை, ஒரு முழுப் பந்து. பந்தின் கன அளவை ஆர்க்கிமிடீஸ் நமக்குக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்: 4πr³/3. அரைவட்டத்தின் பரப்பளவு πr²/2. கன அளவைப் பரப்பளவால் வகுத்தால் மையம் சுற்றிவந்த பாதையின் நீளம் கிடைக்க வேண்டும். வகுத்தால் வருவது 8r/3. அதை 2π-ஆல் வகுத்தால் மையத்தின் தூரம்:

R = 4r / (3π)

அதாவது ஆரத்தில் ஏறத்தாழ 0.42 பங்கு. அரைவட்டத்தின் உயரத்தில் பாதி, 0.5, இல்லை. அந்த 0.08 பங்குதான் பத்தர் வெட்டும் கம்பியில் மில்லிமீட்டர்களாகத் தலைகாட்டுகிறது.

இனி என் மோதிரம். அரைவட்டத்தின் ஆரம் 3 மில்லிமீட்டர். பரப்பளவு 14.14 சதுர மில்லிமீட்டர். மையம் தட்டைப் பக்கத்திலிருந்து 1.27 மில்லிமீட்டர் உள்ளே. துளையின் ஆரம் 8.5.

முதலில் தட்டை விரலைத் தொடும் மோதிரம். மையத்தின் தூரம் 8.5-உம் 1.27-உம் சேர்ந்து 9.77 மில்லிமீட்டர். அது ஒரு சுற்று வந்தால் 61.4 மில்லிமீட்டர். பரப்பளவால் பெருக்கினால் 868 கன மில்லிமீட்டர், அதாவது 0.868 கன சென்டிமீட்டர். 22 காரட் தங்கத்தில் கலந்திருக்கும் வெள்ளி, செம்பு விகிதத்தைப் பொறுத்து அதன் அடர்த்தி சற்று மாறும். ஒரு கன சென்டிமீட்டருக்கு 17.7 கிராம் என்று எடுத்தால் பெரிய தவறு வராது. எடை 15.37 கிராம். இரண்டு பவுனுக்கு உள்ளேதான்.

அடுத்து நான் ஆசைப்பட்ட மோதிரம். உருட்டு விரலைத் தொடுகிறது, தட்டை வெளியே. மையம் தட்டையிலிருந்து 1.27 என்றால், உருட்டின் உச்சியிலிருந்து அது 1.73 மில்லிமீட்டர். ஆகவே அச்சிலிருந்து தூரம் 10.23. சுற்றுப் பாதை 64.3 மில்லிமீட்டர். கன அளவு 908. எடை 16.08 கிராம். இரண்டு பவுனைத் தாண்டிவிட்டது, மயிரிழையில்தான் என்றாலும். உருக்கும்போதும் அரத்தில் ராவும்போதும் போகும் சேதாரத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இரண்டுக்கும் வித்தியாசம் 0.71 கிராம். பித்தளையில் என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

பத்தர்கள் பலரிடம் கம்பி வெட்ட ஒரு சுருக்கு வழி உண்டு. உள் விட்டத்தோடு கம்பியின் தடிப்பைக் கூட்டி, இருபத்திரண்டை ஏழால் வகுத்ததால் பெருக்குவது. 17-உம் 3-உம் 20, பெருக்கினால் 62.9 மில்லிமீட்டர். கவனித்தால் இது தடிப்பின் சரிபாதியில் ஓடும் வட்டத்தின் சுற்றளவு. உருண்டைக் கம்பிக்கும் சதுரப் பட்டைக்கும் இந்த வழி அச்சுப் பிசகாமல் பொருந்தும், ஏனென்றால் அவற்றின் மையம் தடிப்பின் பாதியில்தான் இருக்கிறது. அரைவட்டக் கம்பிக்கு வந்தால் ஒரு பக்கம் திருப்பினால் ஒன்றரை மில்லிமீட்டர் மிஞ்சும், மறுபக்கம் திருப்பினால் ஒன்றரை மில்லிமீட்டர் இடிக்கும். எங்கள் பத்தர் இந்தச் சுருக்கு வழியை அரைவட்டத்துக்குப் பயன்படுத்தாமல் 62, 65 என்று இரண்டு எண்களைக் கையில் வைத்திருக்கிறார். கணக்குச் சொல்வது 61.4, 64.3. மேலே அவர் விட்டுவைக்கும் அரை முக்கால் மில்லிமீட்டர், முனைகளை ராவிச் சேர்த்துப் பொடி வைத்து ஊதுவதற்கு. தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பார்த்து, மிஞ்சியதையும் பத்தாததையும் பார்த்துப் பார்த்து அந்த எண்களுக்கு வந்திருக்கிறார்கள். கம்பியை வளைக்கும்போது அதன் முகம் கொஞ்சம் நசுங்கவும் செய்யும் என்பதால், கையில் வரும் எண் கணக்கின் எண்ணோடு கடைசிப் புள்ளிவரை ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மோதிரத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் துளை சிறியது என்பதுதான். இதே கம்பியை 60 மில்லிமீட்டர் உள் விட்டமுள்ள வளையலாக வளைத்தால், மையத்தின் தூரம் 31.27-ஆ, 31.73-ஆ என்பதுதான் கேள்வி. ஒன்றரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. மோதிரத்தில் அது நாலரை சதவீதத்துக்கு மேல். துளை சுருங்கச் சுருங்க மையத்தைச் சரியாகப் பிடிப்பது முக்கியமாகிக்கொண்டே போகும். துளையே இல்லாமல் பந்தாகிவிட்டால் எல்லாமே அந்த 0.42-ஐ நம்பித்தான் இருக்கிறது.

இந்த விதியை முதலில் எழுதிவைத்தவர் பாப்பஸ். அலெக்சாந்திரியாவில் கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த கிரேக்கக் கணித அறிஞர். தமக்கு முன்னிருந்தவர்களின் வடிவியலைத் தொகுத்து அவர் எழுதிய பெரிய நூலின் ஏழாம் பகுதியில், முழுச் சுற்று சுழன்ற உருவங்களின் விகிதம், சுழன்ற பரப்புகளின் விகிதமும் ஈர்ப்பு மையங்கள் அச்சிலிருந்து இருக்கும் தூரங்களின் விகிதமும் சேர்ந்தது என்று வருகிறது. நிரூபணம் அங்கே இல்லை. அந்த நூல் லத்தீனில் அச்சேறியது 1588-இல்.

பிறகு இடையில் ஒரு ஜோதியர் வருகிறார், கெப்ளர். கிரகங்களின் பாதையைக் கண்டுபிடித்த அதே யோகான்னெஸ் கெப்ளர்தான். 1613-இல் லின்ஸ் நகரில் தம் இரண்டாம் திருமணத்துக்கு ஒயின் வாங்கியபோது, வியாபாரி பீப்பாய்க்குள் ஒரு கோலைச் சாய்த்து விட்டு அளவு சொன்னதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் 1615-இல் பீப்பாய்களின் கன அளவைப் பற்றிய ஒரு புத்தகமாகவே வெளிவந்தது. அதில் வளையத்தையும் அவர் விடவில்லை. வட்ட முகமுள்ள ஒரு வளையத்தை, அச்சு வழியாக வெட்டி எண்ணற்ற மெல்லிய வில்லைகளாக்குகிறார். ஒவ்வொரு வில்லையும் உள்பக்கம் மெலிந்து வெளிப்பக்கம் தடித்திருக்கும். நடுவில் உள்ள தடிப்பே முழு வில்லைக்கும் என்று வைத்துக்கொண்டால், வெளியே விட்டுப்போனதை உள்ளே ஏற்றுக்கொண்டது ஈடுகட்டும். வில்லைகளை நேராக அடுக்கினால் ஓர் உருளை. நாம் நூலிழைகளால் பார்த்ததை அவர் வில்லைகளால் பார்த்திருக்கிறார்.

கெப்ளரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர்களில் ஒருவர் பால் குல்தின். 1577-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் ஹபக்குக். இளமையில் ஜெர்மன் நகரங்கள் சிலவற்றில் பொற்கொல்லராக வேலை பார்த்தார். இருபது வயதில் கத்தோலிக்கராக மாறி, பால் என்று பெயர் மாற்றிக்கொண்டு, இயேசு சபையில் சேர்ந்து, கணிதம் படித்து, ரோமிலும் கிராட்ஸிலும் வியன்னாவிலும் பேராசிரியரானார். 1635 முதல் 1641 வரை வியன்னாவில் 'சென்ட்ரோபாரிகா' என்ற தம் நூலை நான்கு பகுதிகளாக வெளியிட்டார். பெயரிலேயே ஈர்ப்பு மையம் இருக்கிறது. அதில் இந்த விதியை வைத்துக் கூம்பு, பந்து, வளையம் என்று வரிசையாகக் கணக்கிட்டுக் காட்டினார். அதனால் இன்றும் பல புத்தகங்களில் இதற்குக் குல்தின் விதி என்றே பெயர். பாப்பஸிடமிருந்து எடுத்துக்கொண்டு சொல்லாமல் விட்டாரா என்று பின்னால் வந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். மோதிரத்துக்குக் கம்பி வெட்டிய அனுபவம் அவரை இந்தக் கேள்விக்கு இழுத்ததா என்று கேட்கத்தான் எனக்கு ஆசை. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லாததால் விட்டுவிடுகிறேன்.

குல்தினின் நூலில் ஒரு பலவீனம் இருந்தது. ஏன் இந்த விதி உண்மை என்பதற்கு அவர் கொடுத்த காரணம் தத்துவம் பேசியதே தவிர வடிவியலாக இல்லை. ஆனால் அதே நூலில் இத்தாலியரான கவாலியேரியின் முறையைக் கடுமையாகத் தாக்கியிருந்தார். ஒரு பரப்பை எண்ணற்ற கோடுகளின் தொகுப்பாக எண்ணிக் கணக்கிடுவது கவாலியேரியின் வழி. அதெல்லாம் கணிதமே இல்லை என்பது குல்தினின் கட்சி. கவாலியேரி 1647-இல் பதில் எழுதினார். குல்தினால் நிரூபிக்க முடியாமல் போன குல்தின் விதியை, குல்தின் பழித்த அதே முறையால் நிரூபித்துக் காட்டினார். அதைப் படிக்கக் குல்தின் உயிரோடு இல்லை, 1643-இல் இறந்துவிட்டார். மேலே நான் நூலிழைகளை வைத்துச் சொன்ன விளக்கம், கவாலியேரியின் கட்சியைச் சேர்ந்தது.

விதி எங்கே காலை வாரும் என்பதையும் சொல்ல வேண்டும். அச்சு உருவத்தைத் தொடலாம், பந்தில் தொட்டது. ஆனால் ஊடுருவக் கூடாது. ஒரு முழுவட்டத்தை அதன் விட்டத்தையே அச்சாக வைத்துச் சுழற்றினால், மையம் அச்சின் மேலேயே இருப்பதால் தூரம் பூஜ்யம். விதிப்படி கன அளவும் பூஜ்யம். கையிலோ முழுசாக ஒரு பந்து இருக்கிறது. அச்சின் இரு பக்கமும் உருவம் இருந்தால், ஒரு பக்கத்துத் தூரம் மறுபக்கத்துத் தூரத்தைக் கழித்துவிடுகிறது, தங்கமோ கழிவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் அச்சின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துச் சுழற்ற வேண்டும். விடை சந்தேகத்துக்கு இடமாகச் சிறியதாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இன்னொரு தவறு படித்தவர்களே செய்வது. மோதிரத்தின் உருட்டுப் பக்கத்துக்கு மட்டும் முலாம் பூச வேண்டும், எவ்வளவு பரப்பு என்று கேட்டால் அதற்கும் இதே மாதிரி ஒரு விதி உண்டு: வில்லின் நீளத்தை, மையம் சுற்றும் பாதையால் பெருக்க வேண்டும். ஆனால் அந்த மையம் வேறு. நிரம்பிய அரைவட்டத்தின் மையம் தட்டையிலிருந்து 1.27 மில்லிமீட்டர், வெறும் வில்லை மட்டும் ஒரு மெல்லிய கம்பியாக எடுத்தால், தட்டை ஓரத்தில் பொருளே இல்லாததால் அதன் மையம் மேலே ஏறி 1.91 மில்லிமீட்டருக்குப் போய்விடும். தட்டை உள்ளே இருக்கும் மோதிரத்துக்குச் சரியான மையத்தை வைத்தால் பரப்பு 616 சதுர மில்லிமீட்டர். பழைய மையத்தையே வைத்தால் 579. கன அளவுக்கு ஒரு மையம், மேற்பரப்புக்கு வேறொரு மையம். ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுவிட்டு முலாம் பத்தவில்லை என்று திண்டாடக் கூடாது.

முழுச் சுற்றாக இல்லாவிட்டாலும் விதி வேலை செய்யும், சுற்றிய பங்கு எவ்வளவோ அவ்வளவுக்கு. ஒரு பக்கம் திறந்திருக்கும் காப்பு ஆறில் ஐந்து பங்கு சுற்றுதான் என்றால் கன அளவும் முழு வளையத்தின் ஆறில் ஐந்து பங்கு. கல் பதித்த மோதிரத்துக்கும் உள்ளே கூடு விட்ட வளையலுக்கும் மட்டும் இது நேரடியாக உதவாது. கூட்டைத் தனியாகக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். கல் சுழற்சியால் வந்த வடிவமே இல்லை.

நான் கடைசியில் பத்தர் பேச்சுக்கே வந்தேன். தட்டை உள்ளே, உருட்டு வெளியே. இரண்டு வாரம் கழித்து மோதிரம் வாங்கப் போனபோது கணக்கு எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு 61.4, 64.3 என்ற இரண்டு எண்களை மட்டும் படித்தார். "ராவுறதுக்கு விடலையே தம்பி" என்றார்.

மோதிரம் தராசில் 15.34 கிராம் காட்டியது. பிறகு அவர் அனுமதியோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். மோதிரத்தை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல், காற்றுக் குமிழி ஒட்டாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிட்டேன். இப்படிச் செய்தால் தராசு காட்டுவது மோதிரம் ஒதுக்கிய தண்ணீரின் எடை. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்பதால், கன அளவை அப்படியே படித்துக்கொள்ளலாம். தராசு 0.87 என்றது.